அலமாரி போட்டோ மட்டும் வந்தா?

பெருந்துறையில இருக்கற ஃப்ரெண்டு வாட்ஸ்அப்புல புத்தக அலமாரி போட்டோ ஒண்ணு அனுப்பறாங்க. கூட ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்து என்ன படிக்கலாம்னு கேக்கறாங்களா, எப்படி அடுக்கலாம்னா, இல்ல அலமாரி அழகா இருக்கான்னா?

கேமரா எவ்வளவு கிட்ட நிக்குதுன்னு முதல்ல பாருங்க. முதுகுல இருக்கற பேரைப் படிக்க முடிஞ்சா, பெரும்பாலும் பேச்சு புத்தகத்தைப் பத்தி. சுவர், விளக்கு, செடி எல்லாம் சேர்ந்து வந்தா அறையைப் பத்தி. நிக்கற புத்தகங்க மேல படுக்கவெச்ச புத்தகங்க இருந்தா, இடம் பத்தலை.

ஒரு உதாரணம். கிட்டத்துல எடுத்த படம், ஆர். சண்முகசுந்தரத்தோட 'நாகம்மாள்', பக்கத்துல பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்'. 1942, 2010, ரெண்டும் கொங்கு நாவல். அடுத்ததா, நிலம் பறிபோன குடும்பத்தைச் சொல்ற 'ஏறுவெயில்' பொருந்தும். ஆனா ஈரோடு புத்தகத் திருவிழா முடிஞ்ச கையோட வந்த படம்னா, வாங்கினதைச் சும்மா காட்டறதாவும் இருக்கலாம்.

அதனால நீளமா பட்டியல் போடாம ஒரே கேள்வி கேளுங்க: "மாதொருபாகன் படிச்சாச்சுங்களா?" ஆமான்னா, 'ஏறுவெயில்' சொல்லுங்க. "அதைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆச்சு"ன்னா, அடுக்கற விஷயம் பேசுங்க. "அதை விடுங்க, அலமாரி எப்படி?"ன்னா, மரத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிடுங்க.