கேட்டால் நின்று பதில் சொல்லக்கூடியதை எழுதுவோம்



வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி எங்களிடம் கொண்டுவருகிறார்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவது பெரிய வேலையில்லை. கூட்டி எழுதியிருப்பதைக் குறைக்கச் சொன்னால்தான் முகம் வாடிவிடுகிறது. "எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க, இல்லாட்டி கூப்பிடவே மாட்டாங்களே" என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறோம்.

ஒரு தங்கையை வைத்துக்கொள்வோம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் படித்தவள். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் 7 மாதம் வேலை செய்தாள். துணி எடுத்துக் காட்டி விற்பதுதான் அவள் வேலை. காசாளர் சாப்பிடப் போகும் நேரத்தில் காசு மேசையில் இருப்பாள். கடை மூடும்போது பில்லையும் காசையும் ஒத்துப் பார்க்கக் கூட இருப்பாள். இப்போது வீட்டுக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குக் காசாளர் வேலைக்கு எழுதுகிறாள். கடிதத்தில் இப்படி இருக்கிறது: "முன்னணி நிறுவனமொன்றில் இரண்டு வருடங்கள் கணக்கு உதவியாளராகக் கடமையாற்றியுள்ளேன். எக்செல்லில் முழுமையான தேர்ச்சி உண்டு. மும்மொழியிலும் சரளமாகப் பேசவும் எழுதவும் முடியும்."

மூன்று வசனம்தான். ஒவ்வொன்றையும் நேர்முகப் பரீட்சையில் எப்படித் தொட்டுப் பார்ப்பார்கள் என்று பார்ப்போம்.

முதலாவது, இரண்டு வருடம். சேவைச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் இருக்கும். அது இல்லாவிட்டாலும் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது. சம்பளத்தில் நமது பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு நூற்றுக்கு 12 என்று மாதா மாதம் கட்ட வேண்டும். எந்த முதலாளி எந்த மாதத்துக்குக் கட்டினார் என்பது நமது கணக்கில் பதிவாகும். அந்தக் கணக்கு விபரத்தைக் கொண்டுவரச் சொன்னால், 24 மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 7 மாதம்தான் இருக்கும்.

கடைக்காரர் சேமலாப நிதியே கட்டவில்லை என்றால்? அது வேறு பிரச்சினை. அதைச் சங்கத்திடம் சொல்லுங்கள், தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் பதிவு இல்லை என்பதற்காக மாதத்தைக் கூட்டிவிடக் கூடாது. கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், உண்மை வெளியே வந்துவிடும்.

"கணக்கு உதவியாளர்" என்ற பெயரும் அப்படித்தான். நேர்முகத்தில் இருப்பவர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால், "வங்கிக் கணக்கிணக்கக் கூற்று செய்திருக்கிறீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்பார். படித்த ஞாபகத்தில் ஏதாவது சொல்லலாம். "கடையில் எந்த நாளில் செய்வீர்கள், வித்தியாசம் வந்தால் யாரிடம் கொடுப்பீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. செய்யாத வேலையில் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது.

அடுத்தது எக்செல். கணினியைத் திருப்பி வைத்து, பத்து பொருளின் விலையைக் கொடுத்து, மொத்தம் போடச் சொல்வார்கள். =SUM(B2:B11) என்று அடிக்கத் தெரிந்தால் அது நல்ல ஆரம்பம். ஆனால் "முழுமையான தேர்ச்சி" என்று எழுதியவளிடம் அதோடு நிறுத்த மாட்டார்கள், அதற்கு மேலேதான் கேட்பார்கள். அதே பிள்ளை "அட்டவணை போடவும் கூட்டல் கழித்தல் செய்யவும் தெரியும்" என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரியிலேயே பரீட்சையில் தேறியிருப்பாள். நாம் எழுதும் அளவுக்குத்தான் கேள்வியின் உயரமும் இருக்கும்.

மூன்றாவது மொழி. இதற்குச் சான்றிதழே தேவையில்லை. பாதியில் சிங்களத்துக்கு மாறி, "ஒரு வாடிக்கையாளர் மிச்சக் காசு குறைகிறது என்று சண்டை பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். கொழும்புக் கடையில் நின்ற பிள்ளைக்கு இதற்குப் பதில் சொல்ல வரும். பிறகு ஒரு தாளைக் கொடுத்து அதையே சிங்களத்தில் எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும். பேச வரும், எழுத மெதுவாகத்தான் வரும் என்றால் அப்படியே எழுதலாம்.

ஒரு வசனம் பொய் என்று தெரிந்தால், உண்மையான வசனத்தையும் நம்ப மாட்டார்கள். இதுதான் பெரிய நட்டம். அந்தத் தங்கை உண்மையிலேயே காசு மேசையில் இருந்திருக்கிறாள். காசாளரைத் தேடுகிறவருக்கு வேண்டியதே அதுதான். தன்னிடம் இருந்த நல்ல விசயத்தை, இல்லாத "கணக்கு உதவியாளர்" பதவிக்குக் கீழே மறைத்துவிட்டாள். திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"கொழும்பில் ஒரு புடவைக் கடையில் 7 மாதம் விற்பனை உதவியாளராக வேலை செய்தேன். காசாளர் இல்லாத நேரத்தில் காசு மேசையைப் பார்த்தேன். மாலையில் பில்லையும் காசையும் ஒத்துப் பார்க்க உதவினேன். எக்செல்லில் அட்டவணை போட்டு மொத்தம் எடுக்கத் தெரியும். சிங்களம் நன்றாகப் பேசுவேன், எழுதப் பழகி வருகிறேன்."

இதில் எந்த வசனத்தைப் பற்றிக் கேட்டாலும் அவளால் ஐந்து நிமிடம் பேச முடியும். ஒரு நாள் காசு குறைந்ததா, எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால் சொல்ல அவளிடம் கதை இருக்கிறது. வேலை கிடைக்கும் என்று நாங்கள் உறுதி சொல்ல முடியாது. வேறு ஒருவருக்கு அனுபவம் கூட இருக்கலாம். ஆனால் அவமானப்பட்டு வெளியே வர மாட்டாள்.

நற்சாட்சிக்கு இரண்டு பேருடைய பெயர் போடுகிறீர்கள். ஆசிரியர் பெயரைத்தான் பெரும்பாலும் போடுகிறீர்கள். அவர்கள் எங்களை அழைத்துக் கேட்டால், கடிதத்தில் நீங்கள் எழுதியது தெரியாமல், எங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்வோம். ஆகவே பெயர் போடும்முன் கேளுங்கள், கடிதத்தின் பிரதி ஒன்றையும் கொடுங்கள்.

பரீட்சைப் பெறுபேற்றில் கை வைக்கவே வேண்டாம். கணிதத்தில் "எஸ்" எடுத்ததைச் "சீ" என்று எழுதினால், பரீட்சைத் திணைக்களத்தில் சரிபார்த்துவிடலாம். அரசாங்க வேலை விண்ணப்பத்தின் கடைசியில் உள்ள உறுதிமொழியை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். தகவல் பொய்யென்று நியமனத்துக்கு முன் தெரிந்தால் தகைமை இழப்பீர்கள், பின்னால் தெரிந்தால் நட்டஈடின்றி வேலை போகும் என்று அதில் இருக்கும். மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்த பிறகும் அந்தக் கையொப்பம் அப்படியே இருக்கும். அநியாயமாக நிறுத்தினால் சங்கம் வாதாடும். பொய்த் தகவலுக்காக நிறுத்தினால், நமது கையொப்பமே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அங்கே எங்களுக்குப் பேச இடம் மிகவும் குறைவு.

கூட்ட வேண்டாம் என்றால் குறைத்து எழுதச் சொல்லவில்லை. கோவில் திருவிழா வரவு செலவு எழுதியதை, மரண உதவிச் சங்கத்துக்கு இரண்டு வருடம் பொருளாளராக இருந்ததை, நமது பிள்ளைகள் எழுதுவதே இல்லை. கணக்குப் புத்தகமும் தலைவரும் இருக்கிறார்கள், யாரும் கேட்டுப் பார்க்கலாம். அதை எழுதுங்கள்.

கடிதத்தை அனுப்பும் முன் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு விசயம் குறியுங்கள். இதைப் பற்றி என்ன கேட்பார்கள்? இதற்கு எந்தத் தாள் அல்லது எந்த ஆள் சாட்சி? இரண்டுக்கும் பதில் இல்லாத வசனத்தை வெட்டிவிடுங்கள், அல்லது பதில் வரும் அளவுக்குக் குறையுங்கள். பென்சில் குறிப்போடு கடிதத்தைக் கொண்டுவந்தால், மிச்சத்தை நாம் சேர்ந்து திருத்துவோம்.