முடியவில்லை என்று நண்பர் சொல்லும்போது
(பல்லடத்தில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நற்காட்சியின் எட்டு உறுப்புகளை இங்குள்ள சிறுவர்களும் வரிசையாகச் சொல்வார்கள். அவற்றுள் ஆறாவது ஸ்திதிகரணம். தடுமாறுகின்றவரை நிலைநிறுத்துவது என்பது அதன் பொருள். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகப் பெயர் சுட்டுகிறார். ஆறாவதற்கு அவர் சுட்டுவது, சிரேணிக மன்னனின் மைந்தனாகிய வாரிசேணரை.

வாரிசேணர் துறவு பூண்டபின் நண்பர் ஒருவரும் நட்பின் பொருட்டுத் துறவேற்றார். உடல் துறவுக் கூட்டத்தில் இருந்தது; உள்ளமோ இல்லத்தில் விட்டுவந்த மனைவியிடமே இருந்தது. இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன என்று உரையாசிரியர் கதை சொல்கிறது. ஒருநாள் தாங்க இயலாமல் அவர் இல்லம் திரும்பப் புறப்பட்டார். வாரிசேணர் அவரைப் பிறர் முன் கடியவில்லை. அறவுரைகளை அடுக்கவும் இல்லை. அவருடன் நடந்தார். தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்தது எது என்பதை நண்பர் தம் கண்ணாலேயே காணச் செய்தார். அதன் பின்னரே அந்த நண்பரின் உள்ளம் நிலைபெற்றது. வாரிசேணரும் ஒரு செயலைச் செய்தவரே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். ஆனால் நண்பரின் உள்ளம் எவ்விடத்தில் நிற்கிறது என்பதை அறிந்தபின் செய்த செயல் அது. பெரும்பாலோர் அந்த முதற்படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பல்லடத்து வாழ்க்கையிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் ஒருவர். பாவும் ஊடை நூலும் பிறருடையவை, தறி அவருடையது, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கூலி உயராமல் மின்கட்டணம் உயர்ந்தால் என்ன நேரும் என்பதை இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மாலை அவர் பள்ளித் தோழரின் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "இனி என்னால முடியாதுப்பா" என்கிறார்.

தோழர் நல்லவர். ஆகவே உடனே உதவத் தொடங்குகிறார். "நாலு தறிய வித்துரு. பேங்க் மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவருதான், நாளைக்கே போலாம்" என்கிறார். பிறகு, "உனக்கு மட்டுமா? ஊரே இப்படித்தான் கிடக்குது" என்கிறார். இறுதியில், "எல்லாம் வினைப்பயன், அனுபவிச்சுத்தான் தீரணும்" என்று முடிக்கிறார். தறிக்காரர் "சரி, பார்க்கலாம்" என்று எழுந்து செல்கிறார்.

அந்தச் "சரி, பார்க்கலாம்" கவனிக்கத்தக்கது. விரைந்து தீர்வு சொன்னதன் அடையாளம் அதுவே. பேச்சு குறுகும், ஒப்புதல் விரைந்து வரும், பிள்ளைகள் படிப்பு, மழை என்று பேச்சுத் திரும்பும். வந்தவர் ஆறுதல் பெற்றுவிட்டதாகத் தோழர் எண்ணுவார். உண்மையில் வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வினைப்பயன் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் சமணக் குடும்பங்களில் அது மிக எளிதாக நாவில் வருகிறது. வினைக் கோட்பாடு ஒருவர் தம்மையே நோக்கி ஆராய்வதற்கு உரியது. அல்லலில் இருப்பவர் முன் மற்றொருவர் அதை எடுத்து வைத்தால், 'இதற்கு நீயே காரணம்' என்றுதான் அவர் செவியில் விழும். ஐந்தாம் உறுப்பாகிய உபகூஹனம் பிறர் குறையை மறைக்கச் சொல்கிறது என்பதையும் அவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

அதே திண்ணையில் வேறு விதமாகவும் பேசியிருக்கலாம். "முடியாதுன்னா, என்னப்பா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத் தோழர் வாய்மூடியிருக்கிறார். இடையில் விழும் அமைதி நீண்டதாகத் தோன்றும். பத்து எண்ணும் நேரம்கூட ஆகியிராது. அந்த அமைதியைத் தம் சொல்லால் நிரப்பாமல் இருப்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. தறிக்காரர், "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல" என்கிறார். "தூக்கமே இல்லையா?" என்று அவர் சொல்லையே தோழர் திருப்பிச் சொல்கிறார். "மூணு மாசமாச்சு. தறிச் சத்தம் நின்னாலும் காதுக்குள்ள கேட்டுட்டே இருக்குது." இன்னும் சற்றுக் கழித்தே உண்மை வெளிவருகிறது. மனைவியின் நகையை அவருக்குத் தெரியாமல் அடகு வைத்திருக்கிறார். அடுத்த மாதம் மைத்துனர் வீட்டுத் திருமணம். மனைவி நகையைக் கேட்பார். அவரை வாட்டுவது கடனன்று. மனைவியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதே. தறியை விற்கச் சொன்ன அறிவுரை தவறானதன்று. அது கேட்கப்படாத கேள்விக்கு விடை.

சொற்றொடர்கள் நீள்வதும், பெயர்களும் நாள்களும் தாமாக வருவதும், ஒருவேளை கண்ணீர் வருவதும், கேட்பது சரியாக நடக்கிறது என்பதற்கு அறிகுறிகள். கண்ணீரைக் கண்டு "அழாதே" என்பது பழக்கம். அழ விடலாம்.

இது கண்டறியப்பட்ட வரலாறும் சுவையானது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணத்தால் தவிப்பவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். திரளாக வந்தனர். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, உடன் அமர்ந்திருக்கச் சில தொண்டர்கள் இருந்தனர். எவ்விதப் பயிற்சிப் பட்டமும் இல்லாதவர்கள். நாள்கள் செல்லச் செல்ல, காத்திருந்தவர்களுள் பலர் அத்தொண்டர்களிடம் பேசிய அளவிலேயே நெஞ்சின் சுமை குறைந்து, பாதிரியாரைக் காணாமலே திரும்பினர். அவர் அதை உணர்ந்து, 1954இல் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அறிவுரைக்கு ஆயத்தமாக அமர்ந்திருந்தவர் அவர். நோய்க்கு மருந்தானதோ முன்னறையில் இருந்த தேநீர்க் கோப்பையும் செவியும். சென்னையில் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய 'சிநேகா' அமைப்பும் இவ்வழியிலேயே தொண்டர்களைக் கொண்டு இயங்குகிறது.

செவிக்கும் எல்லை உண்டு. "நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற சொல் வந்தால், சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "செத்துப்போகணும்னு தோணுதா?" இவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் பலர்க்கும் உண்டு. அது பிழை; மறைத்து வைத்திருந்ததை ஒருவரேனும் கேட்டாரே என்று பெரும்பாலும் மூச்சு விடவே செய்வார்கள். "ஆமாம்" என்று விடை வந்து, எவ்வாறு, எப்போது என்பதும் அவர் மனத்தில் உருவாகியிருந்தால், அது இனி ஒரு தோழர் மட்டும் தாங்கும் செய்தியன்று. அன்றிரவு அவரைத் தனியே விடலாகாது. தோட்டத்துப் பூச்சிமருந்து போன்றவை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தப்பட வேண்டும். அவர் அறியவே வீட்டார் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நள்ளிரவானாலும் அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழில் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்களிக்காதிருப்பது நல்லது. வாய்மை நோன்புடையவர்க்கு அது பெரும் இக்கட்டாகிவிடும்.

தறிக்காரரிடம் அத்தகைய எண்ணம் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அவர் எழும்போது தோழர் கேட்ட இறுதிக் கேள்வி ஒன்றுதான்: "இப்ப நான் என்ன பண்ணட்டும்?" தறிக்காரர் சிறிது எண்ணிவிட்டு, "ஒண்ணும் பண்ண வேண்டாம். அவகிட்ட நான் சொல்றப்ப நீயும் கூட இரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவருமாகச் சென்று அமர்ந்தார்கள்.