மூன்று மாதக் கணக்கு



வேலையில் சேரும் முதல் நாள் ஒரு கட்டுக் காகிதத்தை நம் முன்னே வைப்பார்கள். பி.எஃப். படிவம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுக்கு நடுவே பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை என்று நாலைந்து பக்கம் இருக்கும். படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பெண் ஊழியர்களுக்காக 2013-இல் வந்த மத்தியச் சட்டம்தான் அந்தப் பக்கங்களுக்கு அடிப்படை. தொல்லை வந்த பிறகு தேடிப் படித்தால், சில வேளை நாள் கடந்திருக்கும். அதனால் இன்று நாள் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

விளங்குவதற்காக ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் கணக்குப் பிரிவில், ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்தவர். மார்ச் மாதம் மேலதிகாரி அவருடைய உடலை வர்ணித்து வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். சில நாள் கழித்து, கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போடுகிறார். ஏப்ரல் 18 அன்று, "என்னோடு வெளியே வந்தால் வேலை நிரந்தரமாகும்" என்கிறார்.

ஒப்பந்தத் தொழிலாளி என்பதாலோ, வேனில் நடந்தது என்பதாலோ இது சட்டத்துக்கு வெளியே போய்விடாது. ஒப்பந்தத்தில் இருப்பவர், பயிற்சியாளர், தினக்கூலி எல்லோரும் இதில் அடக்கம். நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே.

அந்தப் பெண் மனிதவளப் பிரிவில் போய்ச் சொல்கிறார். "நான் பேசிக்கிறேன்மா, நீ போய் வேலையைப் பாரு" என்று பதில் வருகிறது. புகார் கொடுத்தாகிவிட்டது என்று அவர் நம்பிக் காத்திருக்கிறார். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வாயால் சொன்னது சட்டப்படி புகார் ஆகாது. இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்தில் அமைக்கப்படும் உள்ளகக் குழுவுக்கு அது எழுத்தில் போக வேண்டும், அதுவும் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். இவருக்கு ஜூலை 18 வரை. தக்க காரணம் இருந்தால், அதை எழுதிப் பதிவு செய்து, குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் அது குழுவின் முடிவு. அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

புகாரில் தேதி, இடம், அவர் சொன்ன சொற்கள், பார்த்தவர்களின் பெயரும் முகவரியும் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து இணையுங்கள். விதிப்படி ஆறு பிரதி தர வேண்டும். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

புகார் கிடைத்த ஏழு வேலை நாளுக்குள் ஒரு பிரதி எதிர்த்தரப்புக்குப் போகும். பதில் தர அவருக்குப் பத்து வேலை நாள். ஆகவே உங்கள் பெயர் அவருக்குத் தெரியத்தான் செய்யும். அவர் உங்கள் மேலதிகாரியானால் இந்த நாட்கள்தான் கடினமானவை. இதற்கும் வழி இருக்கிறது. உங்கள் வேலையை மதிப்பிடும் பொறுப்பை அவரிடமிருந்து எடுக்க வேண்டும், இருவரில் ஒருவரை இடம் மாற்ற வேண்டும், அல்லது எனக்கு விடுப்பு வேண்டும் என்று குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த விடுப்பு மூன்று மாதம் வரை கிடைக்கலாம். உங்கள் வழக்கமான விடுப்பில் கழியாது. பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்காமல் குழு தானாக முன்வரும் என்று எண்ண வேண்டாம்.

"பேசி முடிச்சுக்கலாமே" என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுக்கலாம். பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டுமே சமரசம். அதிலும் பணம் கைமாறக் கூடாது. சமரசம் இல்லையென்றால் விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். இரு தரப்புக்கும் அங்கே வக்கீல் கிடையாது. பத்து நாளில் அறிக்கை, அது கிடைத்த 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை.

"நிரூபிக்க முடியாவிட்டால் என் மேலேயே பாயுமோ?" என்ற பயம் பலரை வாயடைக்க வைக்கிறது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தார் என்று விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பதால் மட்டும் புகார் பொய் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு இல்லாவிட்டால் முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்கும் குறைவு என்றாலோ, தொல்லை தருபவரே முதலாளி என்றாலோ, மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. குழுவை அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். குழுத் தலைவியின் பெயரையும் தொடர்பு எண்ணையும் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பலகையில் அந்த விவரம் இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்று அன்றே கேளுங்கள்.