முடிவே காரணம் ஆகுமா?

தோழர்களே, நம் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஒரு பத்தி இது: “சாதி அநீதியானது, ஏனெனில் பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்துவது நியாயமற்றது.” நமக்கு இது போதும். ஆனால் முதல் வரியை மறுப்பவர் இரண்டாவதையும் மறுப்பார். இரண்டும் ஒன்றே. முடிவுதான் காரணத்தின் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் அப்படிச் செய்யவில்லை. சாதி வெறும் வேலைப் பிரிவினைதான் என்று ஆதரவாளர்கள் சொன்னதையே கையில் எடுத்தார். அந்த வழியில் நம் பத்தியைத் திருத்துவோம். வேலையைப் பிரிப்பதென்றால் அவரவர் திறமையும் விருப்பமும் பார்க்க வேண்டும். இதை எதிராளியும் ஒப்புவார். சாதியோ, பிள்ளை பிறந்த அன்றே பெற்றோரை வைத்துத் தொழிலைக் குறித்துவிடுகிறது. இது எவரும் பார்க்கக்கூடிய நடப்பு. ஆகவே வேலைப் பிரிவினை என்று சொல்லிச் சாதியை நியாயப்படுத்த முடியாது.

முடிவு சுருங்கிவிட்டதைக் கவனியுங்கள். ஒரு சமாதானம் விழுந்தது, அவ்வளவே. ‘அநீதி’ வரை போக, தான் தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காக யாரும் இழப்பைச் சுமக்கக் கூடாது என்ற முன்கூற்றும் வேண்டும். அதை அவர் மறுத்தால், அந்த வரிக்குத் தனியே காரணம் தேட வேண்டும். சாதி அநீதி என்று மறுபடி சொல்லி அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது.