வெள்ளம் தாங்கும் நெல்லில் ஒரு பண்பின் இருப்பிடத்தைத் தேடிய வழி



பட்டாணிப் பூ வெள்ளையா, ஊதாவா என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். நெற்பயிர் வெள்ளத்தை எவ்வளவு தாங்கும் என்று கேட்டாலோ அளந்துதான் சொல்ல வேண்டும். இத்தகைய அளவுப் பண்பை ஆளும் பகுதி குரோமோசோமில் எங்கே உள்ளது என்று கண்டறிவதே கியூ.டி.எல். வரைபடம் எனப்படுவது. சூ, மேக்கில் ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வைக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

ஒடிசாவின் எஃப்.ஆர். 13 ஏ என்னும் பழைய நெல், நீருக்குள் இரு வாரம் மூழ்கியும் பிழைக்க வல்லது. அதன் தாங்குதிறனைப் பெற்ற ஒரு வழியினை, வெள்ளம் தாங்காத ஜப்பானிகா வழி ஒன்றுடன் அவர்கள் ஒட்டுச் சேர்த்தனர். இரண்டாம் தலைமுறையில் 169 செடிகளை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொன்றின் விதையிலிருந்தும் ஒரு மூன்றாம் தலைமுறைக் குடும்பம் வளர்ந்தது. ஏன் இந்தச் சுற்றுவழி? ஒரு செடியை ஒருமுறைதான் மூழ்கடிக்க இயலும். விதை மெலிந்திருந்தாலும் அது மடியும். எனவே மரபுப்பொருளைச் செடியிலிருந்தும், மதிப்பெண்ணை அதன் குடும்பச் சராசரியிலிருந்தும் பெற்றனர். எட்டு நாள் நாற்றுகள் 14 முதல் 16 நாள் வரை தொட்டியில் மூழ்கியிருந்தன. வெளியே எடுத்து ஏழு நாள் கழித்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடப்பட்டது. தாங்கும் பெற்றோர் 1.5, தாங்காத பெற்றோர் 8.4 பெற்றன.

கணிப்பொறிக்குச் செல்லும் முன்பே பிழை நுழையும் இடம் இந்தத் தொட்டிதான். நீரின் வெப்பமும் கலங்கலும் தொட்டிக்குத் தொட்டி மாறும். ஆகவே இரு பெற்றோரையும் ஒவ்வொரு தொட்டியிலும் நடுதல் வேண்டும். பெற்றோரின் மதிப்பெண்ணே ஒரு தொட்டியில் புரண்டிருக்குமாயின், அத்தொட்டியின் எண்களை நம்புதல் தகாது.

அடுத்து, மிகத் தாங்கிய ஒன்பது, சிறிதும் தாங்காத ஒன்பது எனப் பிரித்து இரு கலவைகள் செய்தனர். பண்போடு தொடர்பில்லாத இடங்கள் இரு கலவைகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். தொடர்புள்ள இடம் மட்டுமே வேறுபட்டு நிற்கும். 624 தொடக்கிகளைச் சோதித்ததில் ஐந்து மட்டுமே வேறுபாடு காட்டின. அவை ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு பகுதியைச் சுட்டின.

இனி கணக்கைப் பார்ப்போம். பின்வரும் எண்கள் பாடத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஒரு குறியீட்டில் இரு பிரதிகளும் தாங்கும் பெற்றோருடையனவாக உள்ள செடிகளின் சராசரி 3. கலப்புச் செடிகளுக்கு 4. இரு பிரதிகளும் தாங்காத பெற்றோருடையனவாக உள்ளவற்றுக்கு 7 என்க. இரு முனைகளின் வேறுபாட்டில் பாதி, அதாவது 2, கூட்டு விளைவாகும். நடுப்புள்ளி 5, கலப்போ 4இல் நிற்கிறது. எனவே தாங்கும் பண்பு ஓரளவு ஓங்கியது. மூன்று சராசரிகளும் நெருங்கியிருந்தால் அக்குறியீட்டின் அருகே ஒன்றுமில்லை எனலாம்.

இங்கேதான் மாணவர் பலர் வழுக்கி விழுகின்றனர். குறியீடு வேறு, மரபணு வேறு. இரண்டுக்குமிடையே மறுசேர்க்கை 20 விழுக்காடு இருப்பின், 2 என்னும் விளைவு 1.2 ஆகத்தான் தோன்றும்; ஏனெனில் விளைவு 1 − 2r என்னும் அளவால் குறுகுகிறது. தொலைவிலுள்ள பெரிய மரபணுவும் அருகிலுள்ள சிறிய மரபணுவும் ஒரு குறியீட்டுக்கு ஒன்றாகவே தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே இரு குறியீடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு புள்ளியிலும் மரபணு உண்டெனக் கொண்டு கணக்கிடும் இடைவெளி முறை எழுந்தது. ஒரு புள்ளியில் லாட் மதிப்பு 3 எனில், அங்கு மரபணு உண்டு என்னும் கருத்து, இல்லை என்பதைவிட 1000 மடங்கு பொருத்தமாக நம் எண்களை விளக்குகிறது என்பது பொருள். ஆயினும் பல புள்ளிகளைச் சோதிப்பதால் தற்செயலாகவும் உயரம் எழும். மதிப்பெண்களைச் செடிகளுக்கிடையே 1000 முறை கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் எழும் மிகப்பெரிய லாட் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 50 முறை மட்டுமே தாண்டப்பட்ட அளவே நம் எல்லைக்கோடு.

அவர்கள் கண்ட இடத்துக்கு சப்1 என்று பெயரிட்டனர். சி1232 என்னும் குறியீட்டிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமார்கன் தொலைவில் அது இருந்தது. பண்பின் வேறுபாட்டில் 69 விழுக்காட்டை விளக்கியது. இப்படிப்பட்ட பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. விளைச்சல் போன்ற பண்பில் விளைவுகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். சிறு குடும்பத்தொகையில் எல்லைக்கோட்டைத் தாண்டியவற்றின் விளைவும் உள்ளதைவிட மிகுந்தே தோன்றும். வேறொரு கலப்பிலும் அதே இடம் தோன்றுகிறதா என்று பார்க்காமல் அதனை நம்பிப் பின்கலப்பைத் தொடங்குவோர் சில ஆண்டுகளை இழக்க நேரும்.

சப்1 அச்சோதனைகளில் தேறியது. அங்கே எத்திலீன் தொடர்பான மரபணுக்கள் கூட்டமாக உள்ளன என்பதும், அவற்றுள் சப்1ஏ என்பதே தாங்குதிறன் தருவது என்பதும் 2006இல் தெளிவாயிற்று. குறியீட்டு வழிப் பின்கலப்பால் அது சுவர்ணாவிலும், பின்னர் நம் காவிரிப் படுகை அறிந்த சி.ஆர். 1009 நெல்லிலும் சேர்க்கப்பட்டது. ஆனால் அம்மரபணு செய்வது தண்டு நீள்வதைத் தடுத்து உணவைச் சேமிப்பதே. வெள்ளம் இரு வாரத்தில் வடிந்தால் பயிர் பிழைக்கும். வாரக்கணக்கில் வடியாத ஆழநீர் வயலிலோ, நீண்டு தலைகாட்டும் நெல்லே தப்பும். சப்1 உள்ள நெல் மூழ்கியே கிடக்கும்.