போஜ்புரி தனிமொழியா, இந்தியின் கிளைமொழியா?

(மொழிப் பிரச்சினை குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 52.83 கோடிப் பேர். நாட்டு மக்களில் இது 43.63 விழுக்காடு. ஆட்சிமொழி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இந்த எண்தான் முதலில் மேடையேறுகிறது. ஆனால் அதே கணக்கெடுப்பின் மொழி அட்டவணையைப் புரட்டினால், இந்தி என்ற தலைப்பின் கீழ் ஒரு நீண்ட பட்டியல் இருப்பதைக் காணலாம். போஜ்புரி 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி 2.58 கோடி, சத்தீஸ்கரி 1.62 கோடி, மகஹி 1.27 கோடி எனப் பட்டியல் நீள்கிறது. தம் தாய்மொழி இந்தி என்றே கூறியவர்கள் 32.22 கோடிப் பேர்தான். மீதமுள்ள 20 கோடிக்கும் மேற்பட்டோர் வேறு பெயர் கூறியவர்கள்; அட்டவணை தயாரித்தவர்கள் அவர்களை இந்தியின் கீழ் சேர்த்திருக்கிறார்கள்.

இப்படிச் சேர்த்தது சரியா என்பதை ஆராய, மேற்கு பீகாரிலும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலும் பேசப்படும் போஜ்புரியை மட்டும் எடுத்துக்கொண்டு, மொழியியலாளர் அதை எவ்வாறு சோதிப்பார் என்று பார்ப்போமானால் போதும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை அகற்றியாக வேண்டும். எழுத்தும் இலக்கியமும் உள்ளது மொழி, அவை இல்லாதது கிளைமொழி என்பது பரவலான நம்பிக்கை. மொழியியலில் அப்படியொரு தரவரிசை கிடையாது. இன்று பாடநூல்களில் உள்ள இந்தியே டில்லி, மீரட் வட்டாரத்துக் கடீபோலி என்னும் வழக்கின் மீது எழுப்பப்பட்டதுதான். அந்தக் கடீபோலி இலக்கிய மேடைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே பிரஜ் மொழியில் கவிதை செழித்திருந்தது. துளசிதாசரின் இராமாயணம் அவதியில் எழுதப்பட்டது. இலக்கியத்தை அளவுகோலாகக் கொண்டால், இன்று கிளைமொழி எனப்படுபவை அன்று மொழியாகவும், இன்று மொழி எனப்படுவது அன்று கிளைமொழியாகவும் இருந்தன என்றுதான் சொல்ல வேண்டிவரும்.

சோதனையின் எளிய முதற்படி சொற்பட்டியல். கை, தண்ணீர், கண், போதல், உண்ணல் போன்ற அடிப்படைச் சொற்கள் நூறு அல்லது இருநூறு எடுத்து, இரண்டு பேச்சிலும் எத்தனை ஒத்திருக்கின்றன என்று எண்ணுவது. ஒப்புமை மிகக் குறைவாக இருந்தால் அவை வெவ்வேறு மொழிகள் என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். ஒப்புமை மிகுதியாக இருந்தால் இந்தப் படி எதையும் தீர்க்காது. இந்தியிலும் போஜ்புரியிலும் கை ‘ஹாத்’, தண்ணீர் ‘பானீ’. ஒரே மூலத்திலிருந்து வந்த சகோதர மொழிகளுக்குள் இது இயல்பு. அதோடு, அண்டை மொழியிலிருந்து கடன் வாங்கிய சொற்களும் பட்டியலில் புகுந்து எண்ணிக்கையை உயர்த்திவிடும்.

ஆகவே அடுத்த படி, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறதா என்று சோதிப்பது. “உங்களுக்குப் புரிகிறதா?” என்று நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. மதிப்புமிக்க மொழி புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனிதர் தயங்குவர். தாழ்வாகக் கருதும் பேச்சு புரிகிறது என்று ஒப்புக்கொள்ளவும் தயங்குவர். அதனால் கள ஆய்வாளர்கள் வேறு வழி வகுத்தனர். ஓர் ஊரில் ஒருவர் தம் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை இரண்டு மூன்று நிமிடங்கள் சொல்லப் பதிவு செய்கிறார்கள். நாட்டுப்புறக் கதை வேண்டாம் என்பார்கள். கேட்பவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். பதிவின் இடையிடையே பத்துக் கேள்விகள் சேர்க்கப்படும், அதுவும் கேட்பவரின் சொந்தப் பேச்சிலேயே. முதலில் கதை சொன்னவரின் ஊராரிடமே அதைப் போட்டுக்காட்ட வேண்டும். அவர்களே தவறாகப் பதிலளிக்கும் கேள்வி, கேள்வியின் குறை, அது நீக்கப்படும். அதன் பிறகுதான் பதிவு அடுத்த வட்டாரத்துக்குப் போகும்.

இங்கே சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். எடுத்துக்காட்டாக, இந்திக் கதையொன்றைப் போஜ்புரி கிராமத்தில் பத்துப் பேருக்குப் போட்டுக்காட்டியதாக வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேரும் எட்டுக்கு அருகில் பெற்றால், புரிதல் இரு பேச்சுகளின் இயல்பான நெருக்கத்திலிருந்து வந்தது என்று கொள்ள இடமுண்டு. ஆனால் டில்லியில் கட்டட வேலைக்குப் போய் வந்தவரும் பள்ளி இறுதி வரை படித்த மாணவியும் பத்துக்குப் பத்து பெற்று, ஊரைவிட்டு வெளியே போகாத, பள்ளி காணாத மூதாட்டிகள் நான்கும் ஐந்தும் பெற்றால் நிலைமை வேறு. முன்னவர்களுக்குப் புரிந்தது போஜ்புரியின் வழியாக அல்ல. பள்ளியிலும் திரைப்படத்திலும் வேலைத்தலத்திலும் தனியாகக் கற்றுக்கொண்ட இந்தியின் வழியாக. அது இருமொழியறிவு. மதிப்பெண் ஒன்றாகக் குவிந்திருக்கிறதா, சிதறிக் கிடக்கிறதா என்பதைக் கொண்டு இதைக் கண்டுகொள்கிறார்கள். மறுதிசையிலும் சோதிக்க வேண்டும்: ஆழ்ந்த கிராமத்துப் போஜ்புரிக் கதை மீரட்காரருக்கு எவ்வளவு புரிகிறது? “போஜ்புரிக்காரர் எல்லோருக்கும் இந்தி புரிகிறதே, பிறகு எப்படித் தனிமொழி?” என்ற வாதம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் எழுவது.

மூன்றாவதாக இலக்கணம். போஜ்புரியைப் பொறுத்தவரை இங்குதான் சான்று வலுவாக இருக்கிறது. ‘பையன் பூனையைப் பார்த்தான்’ என்பதை இந்தியில் ‘லட்கே நே பில்லி தேகீ’ என்பர். எழுவாயோடு ‘நே’ என்ற உருபு ஒட்டுகிறது. வினைமுற்று பையனுக்கு ஏற்ப அமையவில்லை. பூனை பெண்பால் சொல்லாகையால் வினையும் பெண்பாலாகிறது. போஜ்புரியில் இது ‘லைகா பிலாயி தேக்லஸ்’. ‘நே’ கிடையாது, வினை பையனையே தழுவுகிறது. ‘அவன் போனான்’ என்பதற்கு இந்தியில் ‘வஹ் கயா’, போஜ்புரியில் ‘ஊ கைல்’, வங்காளியில் ‘ஸே கேலோ’. ‘நான் போவேன்’ என்பதற்கு இந்தியில் ‘மைன் ஜாவூங்கா’, போஜ்புரியில் ‘ஹம் ஜாயிப்’, வங்காளியில் ‘ஆமி ஜாபோ’. இறந்தகாலத்துக்கு ‘ல’, எதிர்காலத்துக்கு ‘ப’ என்ற இந்த அமைப்பு போஜ்புரியை டில்லியோடு அல்ல, கல்கத்தாவோடு இணைக்கிறது. 1894இல் தொடங்கிய இந்திய மொழியியல் அளவாய்வில் கிரியர்சன் மைதிலி, மகஹி, போஜ்புரி மூன்றையும் இந்தியிலிருந்து பிரித்து, பீகாரி என்ற பெயரில் வங்காளி, ஒடியா, அசாமி ஆகியவற்றின் குடும்பத்தில் வைத்தது இதனால்தான். போஜ்புரி, சிதைந்த இந்தி அல்ல; அது வேறு வழியில் வளர்ந்தது.

ஆனால் அவசரப்பட்டு வரைபடத்தில் கோடு போட்டுவிட முடியாது. டில்லியிலிருந்து கிழக்கே நடந்தால் ஒவ்வொரு ஊராருக்கும் அடுத்த ஊராரின் பேச்சு புரியும். சங்கிலி எங்கும் அறுவதில்லை. லக்னோ, அயோத்தி வட்டாரத்து அவதியில் ‘நே’ இல்லை, எனவே அது போஜ்புரியின் பக்கம். ஆனால் அங்கே ‘ல’ இறந்தகாலமும் இல்லை, எனவே அது மேற்கின் பக்கம். ‘நே’ மறையும் எல்லையும் ‘ல’ தொடங்கும் எல்லையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் விழுகின்றன. பல எல்லைக்கோடுகள் ஒரே இடத்தில் கற்றையாகச் சேரும்போதுதான் மொழியெல்லை என்று துணிவாகச் சொல்ல முடிகிறது. சங்கிலியின் இரு முனைகளும் வெவ்வேறு மொழிகள் என்பதில் ஐயமில்லை. நடுவில் எந்த ஊரோடு ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்ற கேள்விக்குத்தான் மொழியியலில் ஒற்றை விடை இல்லை. இந்த இடத்தில் பேசுவோர் தம்மை எந்தச் சமூகமாகக் கருதுகின்றனர், எந்த எழுத்துமொழியைத் தமதென ஏற்கின்றனர் என்பதையும் ஆய்வாளர் கணக்கில் எடுக்கிறார்.

அரசின் அட்டவணை இந்த அளவைகளின்படி அமைந்ததன்று. அன்றாடப் பேச்சில் இந்தியும் உருதும் ஒன்றே. ‘வஹ் கர் மேன் ஹை’ என்பது இரண்டிலும் ‘அவன் வீட்டில் இருக்கிறான்’தான். எழுத்தும், உயர்நடைச் சொற்களும், வரலாறும் அவற்றை இரு மொழிகளாக்கின; எட்டாவது அட்டவணையும் இரண்டாகவே ஏற்கிறது. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை, இரு சமூகங்களும் அவ்வாறே கருதுகின்றன. ஆனால் இலக்கணமே வேறான போஜ்புரி இந்திக்குள் கிடக்கிறது. அதன் உடன்பிறப்பான மைதிலியோ 1991 கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 92ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் எட்டாவது அட்டவணையில் சேர்ந்து, 2011இல் 1.36 கோடிப் பேருடன் தனிமொழியாக நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் மைதிலியின் இலக்கணத்தில் எதுவும் மாறிவிடவில்லை. மைதிலி பேசுவோர் நெடுங்காலம் கோரினர், நாடாளுமன்றம் ஏற்றது, மாறியது அவ்வளவுதான்.

இதன் விளைவு அட்டவணையோடு நிற்பதில்லை. போஜ்புரி பேசும் வீட்டிலிருந்து முதல் வகுப்புக்கு வரும் குழந்தை, ஆவணத்தின்படி தாய்மொழியிலேயே படிக்கிறது. ‘நே’ எங்கே வரும், வினை எதைத் தழுவும், எது ஆண்பால், எது பெண்பால் என்று அது தடுமாறும்போது, வேற்று மொழியைக் கற்கும் சிரமமாக அதை யாரும் பார்ப்பதில்லை. பேசத் தெரியாத, மந்தமான குழந்தை என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

இதே அளவுகோலைத் தமிழ் அட்டவணை மீதும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. 2011 கணக்கெடுப்பில் தமிழ் என்ற தலைப்பின் கீழ் இருளர் மொழி சேர்க்கப்பட்டுள்ளது. நீலகிரியின் படகர் மொழி கன்னடத்தின் கீழ் இருக்கிறது. கமில் சுவலபில் போன்ற திராவிட மொழியியலாளர்கள் இருளர் மொழியைத் தனிமொழியாகவே விவரித்துள்ளனர். இந்தியின் பட்டியலை நீளம் என்று சொல்கிறவர், ஏறத்தாழ 12 ஆயிரம் பேர் தம் மொழியாகக் கூறிய இந்தப் பெயரையும் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பு ஊழியருக்கு அளிக்கப்படும் கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது: ஒருவர் கூறும் மொழி இன்னொன்றின் கிளைமொழியா என்று தீர்மானிப்பது ஊழியரின் வேலை அல்ல, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். 2011இல் அவ்வாறு எழுதி வந்த பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்கு செய்தார்கள். அவற்றுள் பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் 270ஐ எடுத்து 121 மொழிகளின் கீழ் அடுக்கினார்கள். போஜ்புரி என்று வாசலில் சொன்னவர் இந்தியாகக் கணக்கில் ஏறியது இந்தக் கடைசிப் படியில்தான்.