நோட்டிலிருந்து ஷீட்டுக்கு: ஆறு வாரம், பன்னிரண்டு சாயந்திரம்

வேளச்சேரியில இருந்து பேசறேன். பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "எங்க அபார்ட்மென்ட்ல, எங்க தெருவுல கம்ப்யூட்டரே தொடாதவங்களுக்கு எக்செல் மாதிரி ஏதாவது சொல்லிக் கொடுக்கணும். எங்க ஆரம்பிக்கிறது?" இன்னைக்கு ஒரு முழு பாடத்திட்டமே சொல்றேன். செவ்வாய், வியாழன், ராத்திரி ஏழரைல இருந்து ஒன்பது வரை. ஆறு வாரம், மொத்தம் 18 மணி நேரம்.

முதல்ல நான் பண்ண தப்பைச் சொல்லிடறேன். முதல் தடவை நடத்தினப்போ மெனு வரிசைப்படி போனேன். ஹோம் டேப், இன்சர்ட் டேப், கலர், பார்டர்னு. ரெண்டாவது வாரமே பாதிப் பேர் வரலை. வந்தவங்களும் அழகா கலர் அடிச்ச ஒரு கட்டம் போட்டாங்க, ஆனா அதுல கூட்டல் தப்பா இருந்தது. தப்புன்னு அவங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. ஸ்ப்ரெட்ஷீட்டோட பெரிய ஆபத்தே அதுதான். தப்பா இருந்தாலும் அது கத்தாது.

அதனால இந்தத் தடவை திட்டம் வேற. ஒவ்வொரு வாரமும் ஒரு விஷயம் கத்துக்கணும், அந்த விஷயம் எப்படிச் சத்தமில்லாம தப்பாகும், அதை எப்படிப் பிடிக்கிறதுன்னும் கத்துக்கணும். ஆறு வாரத்துக்கும் ஒரே கணக்குதான். வீடு வீடா பால், பேப்பர் போடுற ஒரு அண்ணனோட பாக்கி நோட்டு. அவருக்கு வேலை விடியற்காலைல, சாயந்திரம் ஃப்ரீ. தினமும் எழுதற நோட்டும் கையில இருக்கு. கூகுள் ஷீட்ஸ்ல பண்றோம். காசு கிடையாது, தானா சேவ் ஆகும், அப்புறம் போன்லயும் திறக்கலாம். ஆனா கத்துக்கும்போது ஆளுக்கு ஒரு லேப்டாப், கூடவே ஒரு மவுஸ் கண்டிப்பா வேணும். டச்பேட்ல ஆரம்பிச்சா முதல் ரெண்டு கிளாஸ் அதுக்கே போயிடும்.

முதல் வாரம்: ஒரு கட்டத்துக்குள்ள என்ன இருக்கு?

முதல் வாரம் ஃபார்முலாவே வேண்டாம். டைப் பண்ணிட்டு, அது எந்தப் பக்கம் ஒட்டுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. நாமளா மாத்தாத வரைக்கும் எண்ணும் தேதியும் வலது பக்கம் போகும், எழுத்து இடது பக்கம் நிக்கும்.

அண்ணன் வீட்டு நம்பரை நோட்டுல "3-4"ன்னு எழுதுவார். மூணாவது பிளாக், நாலாவது வீடு. ஷீட்ல அதை அடிச்சா தேதியா மாறிடும். இதுக்கு அவர் வெட்கப்பட வேண்டியதில்லை. விஞ்ஞானிகளுக்கும் இதே கதிதான். MARCH1னு ஒரு ஜீன் இருந்தது. எக்செல் அதை மார்ச் 1ஆம் தேதின்னு மாத்திக்கிட்டே இருந்ததால, ஜீன்களுக்குப் பேர் வைக்கிற கமிட்டியே அதோட பேரை MARCHF1னு மாத்திடுச்சு. நாமளும் பேரையே மாத்திடுவோம். வீட்டு நம்பர் எழுத்துல ஆரம்பிக்கட்டும்: B-12, C-4.

அதே நாள் இன்னொன்னையும் பார்த்துடுங்க. File → Settings-ல Locale "India"ன்னு இருக்கணும். "United States"னு இருந்தா, ஜூன் 5ன்னு நினைச்சு 05/06/2024 அடிச்சா அது மே 6ஆ போய் உட்காரும். 13/06/2024 அடிச்சா 13வது மாசம் கிடையாதுன்னு வெறும் எழுத்தா இடது பக்கம் நிக்கும். தேதி காலத்துல சிலது வலது, சிலது இடதுன்னு இருந்தா காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரெண்டாவது வாரம்: ஒரு சம்பவம், ஒரு வரி

நோட்டுல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். ஷீட்ல அப்படி வேண்டாம். நடந்தது ஒவ்வொன்னும் ஒரு வரி. அஞ்சே காலம்: தேதி, வீடு, விவரம், வாங்கியது, கொடுத்தது. ஷீட்டுக்கு "நோட்டு"ன்னு பேர் வைங்க. நடுவுல காலி வரி விடக்கூடாது, கட்டங்களை ஒண்ணா சேர்க்கக்கூடாது, தொகை காலத்துல எண்ணைத் தவிர எதுவும் கூடாது.

கடைசி விதியைத்தான் எல்லாரும் மீறுவாங்க. மீறட்டும், அடுத்த வாரப் பாடமே அதுதான்.

மூணாவது வாரம்: கூட்டல்

எட்டு வரி போட்டாச்சு. வாங்கிய தொகைகள் 340, 125, 80, 560, 210, 95, 150, 240. கையில கூட்டினா 1,800. இப்போ ஷீட்ல:

```
=SUM(D2:D9)
```

1,240 வருது. எரர் இல்ல, சிவப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. என்னன்னா, நாலாவது வரியில அண்ணன் "560 ரூ"ன்னு அடிச்சிருக்கார். "ரூ" சேர்ந்ததும் அது எழுத்து. SUM எழுத்தைப் பேசாம தாண்டிப் போயிடும். இதையே பிளஸ் போட்டுக் கூட்டியிருந்தா #VALUE!னு கத்தியிருக்கும். சௌகரியமான வழிதான் இங்க வாயை மூடிக்குது.

பிடிக்கிறதுக்கு ரெண்டு ஃபார்முலா போதும்:

```
=COUNT(D2:D9)
=COUNTA(D2:D9)
```

முதல்து எண்களை மட்டும் எண்ணும், ரெண்டாவது காலியா இல்லாத எல்லாத்தையும் எண்ணும். இங்க 7, 8னு வரும். ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா எங்கயோ ஒரு எண் எழுத்தா ஒளிஞ்சிருக்கு. "ரூ"வை அழிச்சா 1,800.

இன்னொரு தப்பு, எல்லைத் தப்பு. பத்தாவது வரி சேர்த்தாச்சு, ஆனா ஃபார்முலா D9லயே நிக்குது. இது உலகப் புகழ் பெற்ற தப்பு. 2010ல ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள், அரசாங்கக் கடன் ரொம்ப அதிகமானா வளர்ச்சி என்ன ஆகும்னு ஒரு கட்டுரை எழுதினாங்க. 2013ல தாமஸ் ஹெர்ண்டன்னு ஒரு மாணவர் அவங்க ஷீட்டை வாங்கித் திறந்து பார்த்தா, சராசரி எடுக்கிற ஃபார்முலா 49வது வரி வரை போகாம 44லயே நின்னுடுச்சு. அஞ்சு நாடு விட்டுப்போச்சு. அந்தக் கட்டுரையில வேற பிரச்சனைகளும் இருந்தது, எல்லாப் பழியும் இந்த ஒரு ஃபார்முலா மேல இல்ல. ஆனாலும் மூணு வருஷமா இதை யாரும் கவனிக்கலை.

நம்ம தீர்வு: மொத்தத்தை வரிகளுக்குக் கீழே போடாதீங்க. "பாக்கி"ன்னு இன்னொரு ஷீட்ல போடுங்க, கடைசி வரி நம்பரே இல்லாம:

```
=SUM('நோட்டு'!D2:D)
```

எத்தனை வரி சேர்த்தாலும் எடுத்துக்கும். கொடுத்ததுக்கு இதே மாதிரி E காலம். நம்ம உதாரணத்துல கொடுத்தது மொத்தம் 700. அப்போ மொத்த பாக்கி 1,100. இந்த நம்பரை ஞாபகம் வைங்க.

நாலாவது வாரம்: வரிசைப்படுத்தறது

இந்த ஆறு வாரத்துலயே மோசமான விபத்து இங்கதான். தொகை காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி Sort range கொடுத்தா தொகைகள் இடம் மாறும், வீட்டு நம்பர் அப்படியே நிக்கும். B-12க்காரர் வாங்கின பால் C-4 தலையில. மொத்தம் அப்பவும் 1,800தான், அதனால கூட்டிப் பார்த்தாலும் பிடிபடாது. மாசக் கடைசில வாசல்ல நின்னு "நான் வாங்கவே இல்லப்பா"ன்னு ஒருத்தர் சொல்லும்போதுதான் தெரியும். அந்த இடத்துல போறது காசு மட்டும் இல்ல, அத்தனை வருஷமா அந்த அண்ணன் மேல இருந்த நம்பிக்கை.

அதனால முதல்ல View → Freeze → 1 row, அப்புறம் Sort sheet. அது முழு வரியையும் சேர்த்து நகர்த்தும், தலைப்பு வரி மேலேயே நிக்கும். வரிசைப்படுத்தறதுக்கு முன்னாடி ஏதாவது மூணு வரியைக் காகிதத்துல எழுதி வைங்க. முடிஞ்சதும் அந்த மூணும் அப்படியே இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா உடனே Ctrl+Z.

அஞ்சாவது வாரம்: யார் எவ்வளவு தரணும்?

அண்ணன் கிளாஸுக்கு வந்ததே இதுக்குத்தான். "பாக்கி" ஷீட்ல A காலத்துல வீட்டு நம்பர்கள், பக்கத்துல இது:

```
=SUMIF('நோட்டு'!B:B,A2,'நோட்டு'!D:D)
-SUMIF('நோட்டு'!B:B,A2,'நோட்டு'!E:E)
```

அதாவது, இந்த வீடு வாங்கினதை எல்லாம் கூட்டு, கொடுத்ததை எல்லாம் கழி. கட்டத்தோட மூலையைப் பிடிச்சு கீழே இழுத்தா எல்லா வீட்டுக்கும் வந்துடும்.

இப்போ வீடு வீடா வந்த பாக்கியைக் கூட்டுங்க. 950 வருது. மூணாவது வாரம் 1,100. 150 எங்க போச்சு? நோட்டுல 150ஐத் தேடினா ஏழாவது வரியில இருக்கு, வீட்டு நம்பர் "B12"ன்னு. நடுவுல கோடு இல்ல. நமக்கு ரெண்டும் ஒரே வீடு, ஷீட்டுக்கு ரெண்டு வீடு. திருத்தினா 1,100. வித்தியாசத் தொகையையே தேடறது பழைய கணக்குப்பிள்ளைங்க வழி, இன்னைக்கும் வேலை செய்யுது. தப்பு ஒண்ணுக்கு மேல இருந்தா மட்டும் நேரா மாட்டாது, ஒவ்வொரு வீடா பார்க்கணும்.

இதுக்கு அப்புறம் Insert → Dropdown காட்டுங்க. வீட்டு நம்பரை டைப் பண்ணாம பட்டியல்ல இருந்து எடுக்கலாம். நாலு வாரம் முன்னாடியே காட்டியிருந்தா ஏதோ ஒரு வசதின்னு நினைச்சிருப்பாங்க. 150 ரூபாயைத் தேடி அலைஞ்ச பிறகு காட்டினா மறக்க மாட்டாங்க.

ஆறாவது வாரம்: அவங்கவங்க நோட்டு

புதுப் பாடம் கிடையாது. ஒவ்வொருத்தரும் சொந்த நோட்டைக் கொண்டு வரணும். தையல் அட்வான்ஸ், சீட்டுப் பணம், கிளினிக் டோக்கன், எதுவா இருந்தாலும் ஒரு மாசக் கணக்கை ஏத்தணும். நீங்க மவுஸைத் தொடக்கூடாது. அது ரொம்பக் கஷ்டம், கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. முடிச்சவங்க ஷீட்டைப் பக்கத்துல இருக்கறவர் சோதிக்கணும்: COUNTம் COUNTAவும் ஒண்ணா, மூணு வரி நோட்டோட ஒத்துப்போகுதா, தனித்தனி பாக்கி சேர்ந்தா மொத்த பாக்கி வருதா. இந்த மூணும் சரியா வந்தா பாஸ்.

சார்ட், பிவட் டேபிள், மேக்ரோ எதுவும் இந்த 18 மணி நேரத்துல இல்ல, வேணும்னேதான் விட்டேன். இன்னொரு விஷயம், ஒரு மாசத்துக்காவது காகித நோட்டையும் ஷீட்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போன மாசத்துக்கு அப்புறம் நோட்டை விடலாமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும். அந்த அண்ணன் இன்னும் ரெண்டும் எழுதறார். ஆனா போன மாசம் அவர்கிட்ட "பாக்கி எவ்வளவு?"ன்னு கேட்டேன், நோட்டைப் புரட்டலை, போனை எடுத்துக் காட்டினார். எங்க வீட்டு பாக்கி 80 ரூபாய். அங்கேயே கொடுத்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.